பனி விழுவதில்லை

போன தவணை தரம் 10 கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். "படிவுவீழ்ச்சி: மழை" என்று 31 கொப்பிகளில் 26 கொப்பிகளில் இருந்தது. எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். போட்டுவிட்டுத்தான் உறைத்தது, அந்தப் பொருளைக் கரும்பலகையில் எழுதிக்கொடுத்ததே நான்தான். பிள்ளைகள் என் கையெழுத்தைத்தான் எனக்குத் திருப்பித் தந்திருந்தார்கள். நான் பல வருடமாக அதையே எழுதிக்கொடுத்து, அதையே சரி என்று திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

அலகு நீரியல் வட்டம். பாடநூலோடு சேர்த்து வாசிக்க, நானும் இன்னொரு ஆசிரியையும் சேர்ந்து 7 பக்கத்தில் ஒரு வாசிப்புப் பகுதி எழுதி வைத்திருக்கிறோம். கந்தளாய்க் குளம், மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் இடம், நிலாவெளிக் கரையோரக் கிணறுகள் என்று நம்முடைய திருகோணமலைப் பக்கத்தையே வைத்து எழுதியது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் இருந்தது. சொல், அதற்கு நேரே பொருள். எல்லாரும் செய்வதுதான். பிள்ளைகள் பரீட்சைக்கு முதல் நாள் பார்க்கும் ஒரே பக்கமும் அதுதான்.

ஆனால் அந்தப் பகுதியின் மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வசனம் இருக்கிறது: "உயர்ந்த மலைச் சிகரங்களில் படிவுவீழ்ச்சி உறைந்த நிலையிலேயே கிடைப்பதால் அது உடனே ஓடி வடிவதில்லை." நானே எழுதியது. கடைசிப் பக்கத்தில் நான் கொடுத்த பொருளை இந்த வசனத்துக்குள் வைத்து வாசித்துப் பாருங்கள். "சிகரங்களில் மழை உறைந்த நிலையிலேயே கிடைப்பதால்..." உறைந்த மழை எங்கே பெய்கிறது? படிவுவீழ்ச்சி என்றால் மழை மட்டுமல்ல, உறைந்து விழுவதும் அதில் சேரும். ஒரே தாளில் மூன்றாம் பக்கம் ஒன்றைச் சொல்ல, ஏழாம் பக்கம் இன்னொன்றைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருடமும் ஒரு பிள்ளைகூட இதைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் நெருடியது. சொற்பட்டியலை வாசிப்பவர் பகுதியை வாசிக்கவில்லை, பகுதியை வாசிப்பவர் பட்டியலைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் வழியே இல்லாமல் வைத்திருந்தேன்.

இந்தத் தவணை பட்டியலை நானாக எழுதிக்கொடுப்பதில்லை, வகுப்போடு சேர்ந்து முதலிலிருந்து கட்டுவது என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் சாதாரணப் பேச்சில் ஒரு பொருள், பகுதியிலிருந்தே எடுத்த ஒரு எடுத்துக்காட்டு, பக்க எண். வேறொன்றும் இல்லை. கேட்க லேசான வேலை போலத்தான் இருக்கிறது.

எந்தச் சொல்லை விடுவது

முதல் நாள் "விளங்காத சொல்லுக்கெல்லாம் கீழே கோடு போடுங்கள்" என்றேன். அது பிழையான கேள்வி. 43 சொற்கள் வந்தன. அதில் "கணிசமான", "பருவகால", "முனைப்பான" எல்லாம் இருந்தன. அவை கடினமான சொற்கள்தான், ஆனால் இந்த அலகுக்குரிய சொற்கள் அல்ல. வாசிக்கும்போது வாயால் சொல்லிவிட்டுப் போகலாம். அதைவிடப் பெரிய குறை, உண்மையில் வேண்டிய சொற்கள் பலதுக்குக் கோடே விழவில்லை. "நீராவி"க்கு யாரும் கோடு போடவில்லை. "ஓட்டம்" என்ற சொல்லுக்கும் இல்லை. தெரிந்த சொல் என்று எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். "இந்தச் சொல்லை எடுத்துவிட்டால் நீர் வட்டத்தை ஆளுக்குச் சொல்லிக்காட்ட முடியாமல் போகுமா?" இந்தக் கேள்விக்கு 14 சொற்கள் மிஞ்சின. வீட்டுப் பேச்சில் ஒரு அர்த்தமும் பாடத்தில் வேறொரு அர்த்தமும் உள்ள சொற்கள்தான் அதில் பாதி. தெரியாத சொல்லைப் பிள்ளை கேட்டுவிடும். தெரிந்ததென்று நினைக்கிற சொல்லைக் கேட்காது. ஆகவே பட்டியலில் முதல் இடம் இரண்டாவது வகைக்குத்தான்.

வரிசையிலும் ஒரு சிக்கல் வந்தது. அகர வரிசையில் வைத்தால் "ஆவியாதல்" முதலில் வருகிறது. அதன் பொருளில் "நீராவி" என்ற சொல் தேவைப்படுகிறது. அதுவோ கடைசிக்குக் கிட்டப் போய் நிற்கிறது. ஒரு சொல்லை விளக்க இன்னொரு சொல் தேவையென்றால், அந்த இன்னொரு சொல் மேலே இருக்க வேண்டும். எனவே நீராவி, ஆவியாதல், ஆவியுயிர்ப்பு, ஒடுக்கம், படிவுவீழ்ச்சி, தரைமேல் ஓட்டம், ஊடுவடிதல், தரைக்கீழ்நீர் என்று தண்ணீர் போகிற வழியிலேயே அடுக்கினோம். 14 சொல் உள்ள பட்டியலில் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை. நூறு சொல்லென்றால் அகர வரிசையை விட முடியாது.

பொருளை வசனத்துக்குள் வைத்து வாசித்தல்

பொருள் எழுதும்போது பிள்ளைகள் செய்த பிழைகளெல்லாம் நான் முன்பு செய்தவைதான். "ஆவியாதல் என்பது நீர் ஆவியாக மாறுவது." சொல்லையே திருப்பி எழுதியிருக்கிறது, தெரியாதவருக்கு ஒன்றும் கிடைக்காது. இன்னொரு குழு "நீர் கொதித்து வாயுவாக மாறுவது" என்று எழுதியது. இது முதலாவதைவிட நன்றாகத் தெரிகிறது, ஆனால் பிழை. எப்படிக் காட்டுவது? பகுதியின் இரண்டாம் பக்கத்தை எடுத்தோம்: "வறண்ட மாதங்களில் கந்தளாய்க் குளத்தின் மேற்பரப்பிலிருந்து பெருமளவு நீர் ஆவியாகிறது." அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவர்கள் எழுதிய பொருளை அங்கே வைத்து ஒருவரை உரக்க வாசிக்கச் சொன்னேன். "கந்தளாய்க் குளத்தின் மேற்பரப்பிலிருந்து பெருமளவு நீர் கொதித்து..." அவ்வளவில் நிறுத்திவிட்டது அந்தப் பிள்ளை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொதிக்காமலே போகிறது என்று அவர்களே சொன்னார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன், "கருவாடு காயிறது அதானே டீச்சர், வெயிலும் காத்தும் போதும்" என்றான். கடைசியில் எழுதியது: "திரவமாக உள்ள நீர், கொதிக்காமலே, அதன் மேற்பரப்பிலிருந்து நீராவியாகிக் காற்றில் கலப்பது."

இந்தச் சோதனைதான் அந்த ஒரு மாத வேலையின் முதுகெலும்பு. பொருளை எழுது, பகுதியில் அந்தச் சொல் வரும் வசனத்துக்குள் அதை வை, வாசி. வசனம் கொஞ்சம் நீளமாகும், அழகு கெடும், அது பரவாயில்லை. ஆனால் அர்த்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பொருளில் குறை, அல்லது வசனத்தில் குறை.

வசனத்தில் குறை இருந்ததும் உண்டு. "நீரோட்டம்" என்ற சொல்லை இரண்டு பக்கங்களில் இரண்டு அர்த்தத்தில் எழுதி வைத்திருந்தோம். ஓரிடத்தில் மழை நீர் தரைமேல் வழிந்து ஓடுவது, இன்னோரிடத்தில் ஆற்றில் ஓடும் நீர். எந்தப் பொருளை எழுதினாலும் ஒரு வசனம் உடைந்தது. கரையோரப் பிள்ளைகளுக்கோ மூன்றாவது அர்த்தம் ஒன்று இருந்தது, கடலில் இழுக்கிற நீரோட்டம். அவர்கள் வாசித்ததெல்லாம் அந்த அர்த்தத்தில்தான். பகுதியைத் திருத்தி, முதலாவதைத் "தரைமேல் ஓட்டம்" என்று மாற்றி, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி போட்டோக்கொப்பி எடுத்தோம்.

எந்த வசனம் எடுத்துக்காட்டு

ஒரு சொல் பகுதியில் ஐந்து இடத்தில் வந்தால் எதை எடுப்பது? படிவுவீழ்ச்சிக்கு வகுப்பு தெரிவு செய்தது முதல் பக்கத்து வசனத்தை: "மழையே இலங்கையில் கிடைக்கும் பிரதான படிவுவீழ்ச்சி வடிவமாகும்." வாசிக்க லேசு, சொல்லும் அதிலேயே விளங்குகிற மாதிரி இருக்கிறது. அந்த "மாதிரி"யில்தான் ஆபத்து. மழை என்ற பிழையான பொருளோடு வருகிற பிள்ளை இந்த வசனத்தை வாசித்து, தன் பிழையை இன்னும் இறுக்கிக்கொண்டு போகும். மூன்றாம் பக்கத்து உறைந்த சிகரம் அப்படியல்ல. பிழையான பொருளோடு அங்கே போனால் முட்டிக்கொள்ளும். எடுத்துக்காட்டு என்றால், சரியான பொருளை ஏற்றுக்கொள்வதோடு பிழையானதைத் திருப்பி அனுப்பவும் வேண்டும். வரைவிலக்கணம் போல் எழுதிய வசனங்களையும் இதே காரணத்துக்காக விட்டோம். அது பொருளையே இரண்டாம் தரம் சொல்வது, சொல் வேலை செய்வதைக் காட்டுவது அல்ல.

வெளியிலிருந்து வந்த குழப்பம் ஒன்றும் உண்டு. பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாட வீடியோக்களும் பார்க்கிறார்கள். அங்கே இதே விஷயத்துக்கு "மழைப்பொழிவு" என்று வருகிறது. நாம் "மழைவீழ்ச்சி" என்று மழையை மட்டும் சொல்கிறோம், "படிவுவீழ்ச்சி" என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறோம். போதாததற்கு விஞ்ஞானப் பாடத்தில் இரண்டு கரைசலைக் கலக்கும்போது அடியில் படிவது "வீழ்படிவு". மழைவீழ்ச்சி, படிவுவீழ்ச்சி, வீழ்படிவு மூன்றிலும் ஒரே "வீழ்", மூன்றும் வேறு. ஆவியுயிர்ப்புக்கு அங்கே நீராவிப்போக்கு, ஒடுக்கத்துக்கு ஆவி சுருங்குதல், தரைக்கீழ்நீருக்கு நிலத்தடி நீர். இவற்றைப் பட்டியலுக்குள் கொண்டுவருவதா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டேன். பகுதியில் இல்லாத சொல்லுக்குப் பகுதியில் எடுத்துக்காட்டு கிடைக்காது. வீடியோ பார்த்துக் கேட்கிற பிள்ளைக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

படிவுவீழ்ச்சியின் பொருளை இப்படி எழுதினோம்: "வளிமண்டலத்தில் ஒடுங்கிய நீர், மழை, பனி, ஆலங்கட்டி என்று எந்த வடிவிலாவது தரைக்கு விழுவது." மூன்றாம் பக்கத்து வசனத்துக்குள் வைத்தோம், நின்றது. எனக்குத் திருப்தி. அடுத்த சொல்லுக்குப் போகத் திரும்பினேன்.

கடைசி வாங்குப் பிள்ளையின் கேள்வி

கடைசி வாங்கில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், அதிகம் பேச மாட்டாள். "டீச்சர், அப்ப காலைல சைக்கிள் சீற்றில இருக்கிற பனியும் படிவுவீழ்ச்சியா?" என்றாள்.

மாசி மாதம். மழை ஓய்ந்து வானம் வெளித்திருக்கிற நாட்கள். காலையில் முற்றத்தில் விட்ட சைக்கிள் சீற், வாழை இலை, தோணியின் விளிம்பு எல்லாம் நனைந்திருக்கும். அதைத்தான் நாம் பனி என்கிறோம். சிகரத்தில் உறைந்து விழுவதையும் பனி என்கிறோம். அந்த வெண்பனியை நேரில் பார்த்த பிள்ளை ஒன்றுகூட வகுப்பில் இல்லை. நான் பொருளுக்குள் "பனி" என்று எழுதியபோது 31 பேருக்கும் மனதில் வந்தது சைக்கிள் சீற்தான்.

"இல்லை மகள், அது மேலயிருந்து விழுறதில்ல. அது ஒடுக்கம்" என்றேன்.

"பனி விழுது, பனி பெய்யுது எண்டுதானே டீச்சர் சொல்றம்?"

"சொல்றம். ஆனா அது விழுறதில்ல."

"அப்ப ஏன் டீச்சர் கூரைக்குக் கீழ விட்ட சைக்கிள் நனையுறதில்ல? மேலயிருந்து விழுந்தாத்தானே கூரை மறைக்கும்?"

வகுப்பு என்னைப் பார்த்தது. அந்தக் கேள்விக்கு அந்த நேரத்தில் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. "நாளைக்குச் சொல்றன்" என்றேன். அவள் சொன்னது வீம்புக்கு அல்ல. கண்ணால் பார்த்து, காரணம் பிடித்து, மொழியையும் சாட்சிக்கு அழைத்துச் சொன்னது. வானத்திலிருந்துதான் விழுகிறது என்று பெரியவர்களும் இதே காரணத்தை வைத்து நெடுங்காலம் நம்பியிருக்கிறார்கள். வெல்ஸ் என்ற இலண்டன் மருத்துவர், இரவில் வெளியே கம்பளித் துண்டுகளை வைத்து நிறுத்துப் பார்த்து, இதற்குக் கண்ட விடையை 1814 இல் வெளியிட்டார். வெளித்த இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற பொருள் தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதைத் தொடுகிற காற்றிலுள்ள நீராவி அதன் மேலேயே ஒடுங்கித் துளியாகிறது. மேலே கூரை இருந்தால், கூரையும் வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும், பொருள் அவ்வளவு குளிராது. கூரை மறைப்பது நீரை அல்ல, குளிர்ந்த வானத்தை. முகில் மூடிய இரவில் பனி குறைவதும் இதனால்தான்.

வாசித்து விளங்கிக்கொண்டேன். ஆனால் அவளிடம் இதை வெறும் சொல்லாகக் கொண்டுபோக மனம் வரவில்லை. அன்றிரவு உப்புவெளியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு செங்கல்லை நிறுத்தி, மேலே ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தேன். விடிய ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால் தட்டு காய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் புல் நனைந்திருக்கிறது. மினுங்கும் உலோகம் வெப்பத்தை லேசில் வெளியே விடாது, அதனால் போதிய அளவு குளிராது. அடுத்த இரவு பிளாஸ்டிக் வாளி மூடியை வைத்தேன். காலையில் மேற்புறம் முழுக்க நீர். மூடியைத் தூக்கித் திருப்பினேன். அடிப்புறத்திலும் மணல் மணலாகச் சிறு துளிகள், மேலே இருந்ததைவிடக் குறைவு, ஆனால் விரலை இழுத்தால் கோடு விழுகிற அளவுக்கு இருந்தது. மேலிருந்து விழுந்தது மூடியின் அடிக்கு எப்படிப் போகும்?

படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போனேன். காட்டிவிட்டு, வீட்டிலும் செய்து பார்க்கச் சொன்னேன். அவளும் இன்னும் நாலு பேரும் செய்துவிட்டு வந்தார்கள். ஒருவருடைய மூடி மாமரத்துக்குக் கீழ் இருந்ததால் நனையவில்லை. ஏன் என்று வகுப்பே சொன்னது.

பிறகு பட்டியலுக்குத் திரும்பி வந்தோம். பொருளில் இருந்த "பனி"யை எடுத்தோம். "வெண்பனி" என்று போட்டோம். "விழுவது" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டோம், ஏனென்றால் அலகின் இரண்டு சொற்களைப் பிரிப்பது அந்த ஒரு வினைதான். கொப்பியில் கடைசியாக இருப்பது இது:

> ஒடுக்கம்
> பொருள்: காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து மீண்டும் நீர்த்துளியாவது.
> எடுத்துக்காட்டு: "மேலெழும் காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி ஒடுக்கமடைந்து முகில்கள் தோன்றுகின்றன." (பக்கம் 2)
>
> படிவுவீழ்ச்சி
> பொருள்: முகிலிலுள்ள நீர், மழை, வெண்பனி, ஆலங்கட்டி என்று எந்த வடிவிலாவது தரைக்கு விழுவது.
> எடுத்துக்காட்டு: "உயர்ந்த மலைச் சிகரங்களில் படிவுவீழ்ச்சி உறைந்த நிலையிலேயே கிடைப்பதால் அது உடனே ஓடி வடிவதில்லை." (பக்கம் 3)

"வளிமண்டலத்தில் ஒடுங்கிய நீர்" என்றிருந்ததை "முகிலிலுள்ள நீர்" என்று மாற்றியதும் அவள்தான். சைக்கிள் சீற்றின் மேலுள்ள காற்றும் வளிமண்டலம்தானே என்று கேட்டாள். சரிதான்.

சில சொற்களுக்கு எடுத்துக்காட்டே கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "தரைக்கீழ்நீர் மட்டம்" பகுதியில் ஒரு படத்தில் மட்டும் இருக்கிறது, எந்த வசனத்திலும் இல்லை. அதற்குப் படத்தையே எடுத்துக்காட்டாக வைத்தோம்: "படம் 2 இல் கிணற்றுக்குள் நீர் நிற்கும் உயரத்திலிருந்து இரு பக்கமும் போகும் முறிகோடு." வேறொரு சொல் ஒரே ஒரு தரம்தான் வந்தது, அதுவும் அடைப்புக்குறிக்குள். அது இல்லாமலே வசனம் நின்றது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். இப்போது 13.

கடைசி நாள், பகுதியின் வசனங்களிலும் அந்தப் படத்திலும் 13 சொற்களையும் இடைவெளியாக்கி, பொருள்களை மட்டும் பார்த்து நிரப்பக் கொடுத்தேன். ஊடுவடிதலுக்கும் தரைக்கீழ்நீருக்கும் பலர் மாற்றி எழுதினார்கள். ஒன்று நடப்பது, மற்றது இருப்பது என்பதை நாங்கள் எழுதிய பொருள் பிரித்துக் காட்டவில்லை. அது இன்னும் திருத்தப்படாமல் கிடக்கிறது.

கொப்பிகளைச் சேர்த்து எடுக்கும்போது கடைசி வாங்குப் பிள்ளை ஒரு விண்ணப்பம் வைத்தாள். ஒடுக்கத்துக்கு முகிலைவிடச் சைக்கிள் சீற் நல்ல எடுத்துக்காட்டு, அதை எழுதலாமா என்று. பகுதியில் இல்லாததை எழுதினால் பக்க எண் போட முடியாதே, இன்னொருவர் எடுத்துப் பார்த்துச் சோதிக்க முடியாதே என்றேன். அவள் யோசித்தாள். பிறகு பேனையால் எழுதிய இரண்டு வரிக்குக் கீழே, பென்சிலால் சின்னதாக எழுதிக்கொண்டு வந்து காட்டினாள்: "எங்கட முற்றம், வாளி மூடி, அடிப்பக்கம்."

நான் அழிக்கச் சொல்லவில்லை.